முந்தைய வேலைக்குச் சான்று: பணிவிடுப்புக் கடிதமா, பிஎஃப் பதிவா, 26ஏஎஸ் படிவமா?

புதிய நிறுவனம் அனுப்பும் பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்தில், முந்தைய வேலையை நிரூபிக்க இந்த மூன்றில் ஒன்றையோ எல்லாவற்றையுமோ கேட்பார்கள். மூன்றும் சொல்வது ஒன்றல்ல.

கடைசி வேலைநாளைத் துல்லியமாகச் சொல்வது பணிவிடுப்புக் கடிதம்தான். ஆனால் கடிதத்தைப் போலியாகத் தயாரிக்க முடியும் என்பதால், சரிபார்ப்பு முகமைகள் பிஎஃப் பதிவோடு அதை ஒப்பிடுகின்றன. சிக்கல் தொடங்குவது அங்கேதான். ஒருவர் ஜூன் 14 அன்று விலகி, ஜூன் 24 அன்று வேறு நிறுவனத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய நிறுவனம் பிஎஃப் கணக்கில் விலகல் தேதியை ஜூன் 30 என்று பதிந்திருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்ததாக அறிக்கையில் குறிப்பு விழும். தவறு அவருடையதல்ல, விளக்கம் சொல்ல வேண்டியவர் மட்டும் அவர்.

எனவே வேலை தேடத் தொடங்கும்போதே, பிஎஃப் உறுப்பினர் தளத்தில் View பகுதியில் உள்ள Service History பக்கத்தைத் திறந்து, சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் கடிதங்களோடு ஒப்பிடுங்கள். விலகல் தேதி காலியாக இருந்தால், வேலையை விட்டு இரண்டு மாதங்கள் கழிந்தபின் Manage பகுதியின் Mark Exit வழியே நீங்களே பதியலாம். தேதி தவறாக இருந்தால் திருத்த விண்ணப்பம் தர வேண்டும். பழைய நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்பட்டால் நாள் பிடிக்கும். அதுவரை பணிவிடுப்புக் கடிதத்தோடு இறுதிக் கணக்குத் தீர்வுச் சீட்டையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் சேர்த்து, தேதி வேறுபாட்டை இரண்டு வரியில் எழுதி முகமைக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் பெயரில் பிடிக்கப்பட்ட வருமான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைக் கடைசியாகத்தான் தருவேன். நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சம்பளத் தொகையோடு, வரி பிடிக்கப்பட்ட வங்கி வட்டி போன்ற வேலைக்குத் தொடர்பில்லாத வருமானமும் அதில் தெரியும். வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கு அது பெரும்பாலும் உதவாது. பிஎஃப் பிடித்தமே இல்லாத சிறிய இடத்தில் வேலை பார்த்தவருக்கு மட்டும், சம்பளம் வரவான வங்கிப் பக்கங்களோடு சேர்த்து அது கைகொடுக்கும்.

பிஎஃப்பிலும் இதே கவனம் வேண்டும். பாஸ்புக்கில் மாதச் சந்தாவும் அதை வைத்துக் கணிக்கக்கூடிய சம்பளமும் இருக்கும்; Service History பக்கத்தில் தேதிகளும் நிறுவனப் பெயரும் போதும். ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள், பக்கத்தை நீங்களே தரவிறக்கிக் கொடுங்கள். ஆதாருக்கு, கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதுமா என்று கேளுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், எவற்றைச் சரிபார்ப்பார்கள், அறிக்கை யாருக்குப் போகும், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய நிறுவனத்தை எப்போது தொடர்புகொள்ளலாம் என்று கேட்கும் கட்டத்தில் ‘ராஜினாமாவுக்குப் பிறகே’ என்று குறித்துவிடுங்கள்.