ஏஜென்சிக்கு விற்பனைக் கமிஷன் கட்டுகிறீர்களா? முதலில் உங்கள் ஆர்டர்களை எண்ணிப் பாருங்கள்

அந்த மாதம் என் ஆன்லைன் கடைக்கு வந்த ஆர்டர் மொத்தம் 400. அதே மாதத்துக்கு விளம்பர ஏஜென்சி அனுப்பிய ரிப்போர்ட்டில், விளம்பரம் மூலமாக மட்டும் நடந்த விற்பனை என்று போட்டிருந்தது 515. மொத்தமே 400 என்றால் அதில் ஒரு பகுதி எப்படி 515 ஆகும்? இந்தக் கேள்வியை நான் ஐந்தாவது மாதத்தில்தான் கேட்டேன். அதற்குள் நான்கு மாத இன்வாய்ஸுக்குப் பணம் போய்விட்டது. ஒப்பந்தப்படி "விளம்பரம் வழி வந்த விற்பனை மதிப்பில்" இத்தனை சதவீதம் அவர்களுக்குக் கமிஷன், அந்த மதிப்பை எங்கிருந்து எடுப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை கிடையாது. இதே மாதிரி ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

515 எப்படி வந்தது என்றால், கூகுள் 245, மெட்டா 210, ஒரு வீடியோ தளம் 60. மூன்று டேஷ்போர்டில் இருந்த எண்ணையும் அப்படியே கூட்டி, கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். இந்தக் கூட்டலே தப்பு. ஒருவர் திங்கட்கிழமை மெட்டா விளம்பரத்தைக் கிளிக் செய்கிறார், புதன்கிழமை கூகுளில் தேடி அங்கே வரும் விளம்பரத்தைத் தட்டி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்டா கிளிக்குக்குப் பிறகு 7 நாள் வரை வந்த விற்பனையையும், வெறுமனே விளம்பரத்தைப் பார்த்த 1 நாளுக்குள் வந்த விற்பனையையும் தன் கணக்கில் எழுதுவது அதன் வழக்கமான அமைப்பு. கூகுள் வழக்கமாக கிளிக்குக்குப் பிறகு 30 நாள் வரை எழுதிக்கொள்ளும். ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்குத் தெரியாது. ஆகவே ஒரே ஆர்டர் இரண்டு பக்கமும் ஏறும். அந்தத் தளங்கள் இதை மறைக்கவில்லை, அவற்றின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. தெரிந்துகொண்டே கூட்டிக் காட்டி, அதன் மேல் கமிஷன் வாங்கியவர்கள் மேல்தான் என் கோபம்.

நான் கேட்டபோது வந்த பதில்: "பிளாட்ஃபார்ம் சொல்கிற எண் இதுதான், அட்ரிபியூஷனில் கொஞ்சம் ஓவர்லாப் சகஜம்." அட்ரிபியூஷன் என்றால் எந்த விற்பனை எந்த விளம்பரத்தால் வந்தது என்று கணக்கு எழுதுவது. கொஞ்சமா என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கூகுள் கணக்கு. ரிப்போர்ட்டில் Segment போய், Conversions-க்குள் Conversion action, அதாவது எண்ணப்படும் செயல், வாரியாகப் பிரித்துப் பார்த்தால், "வாங்கியது" என்பதற்கே இரண்டு வரிகள். ஒன்று தளத்தில் நேரடியாகப் போட்ட கூகுள் விளம்பர டேக், 131. இன்னொன்று கூகுளின் வருகைக் கணக்குக் கருவியான GA4-இல் இருந்து இறக்குமதி செய்த purchase, 114. இரண்டுமே Primary, அதாவது மொத்தத்தில் எண்ணப்படுவது, என்று வைக்கப்பட்டிருந்ததால் இரண்டும் சேர்ந்து 245 ஆகிவிட்டது. இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. transaction_id என்று ஆர்டர் ஐடியை அனுப்பினால் இரட்டிப்பு தானாகவே நீங்கிவிடும் என்று நினைப்போம். ஒரே ஆர்டர் ஐடி ஒரே கன்வர்ஷன் ஆக்ஷனுக்குள் இரண்டாவது தடவை வந்தால்தான் கூகுள் கழிக்கும், நன்றி சொல்லும் பக்கத்தை ஒருவர் ரீலோட் செய்தால் காப்பாற்றுவது இதுதான். இரண்டு வேறு வேறு ஆக்ஷன்களுக்கு நடுவில் அது எதையும் கழிக்காது. ஒன்றை Secondary ஆக்கியிருந்தால் போதும், அது பார்வைக்கு மட்டும் இருந்திருக்கும். இன்னொரு கெடுதலும் இருக்கிறது: தானியங்கி ஏலம் இந்த இரட்டை எண்ணை வைத்துத்தான் கற்றுக்கொள்கிறது. ஒரு விற்பனைக்கு இரண்டு மடங்கு மதிப்பு என்று நம்பி அது கூடுதலாக ஏலம் கேட்டிருக்கிறது, அந்தச் செலவும் என் தலையில்.

மெட்டாவில் வேறு விதம். பிரவுசரில் இருந்து, பிக்சல் என்ற மெட்டாவின் கண்காணிப்பு நிரல் ஒரு தகவல் அனுப்பும், சர்வரில் இருந்தும் அதே விற்பனைக்கு ஒன்று போகும். இரண்டும் ஒன்றுதான் என்று மெட்டாவுக்குத் தெரிய, நிகழ்வின் பெயரான event_name, அதன் அடையாளமான event_id இரண்டும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். எங்களுக்கு ஏஜென்சி போட்ட அமைப்பில் பிரவுசர் அனுப்பியது 1043, சர்வர் அனுப்பியது #1043. ஒரு ஹேஷ் குறி! அதனால் பொருத்தமே நடக்கவில்லை. Events Manager-இல் அந்த மாதம் Purchase நிகழ்வுகள்: சர்வர் 400, பிரவுசர் 348. பிரவுசரில் குறைவாக இருப்பது இயல்பு, விளம்பரத் தடுப்பான்கள் சிலவற்றை விழுங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே ஐடி போயிருந்தால் இந்த 348-ம் அந்த 400-க்குள் அடங்கியிருக்கும். தனித்தனி ஐடி போனதால் 748 விற்பனை நடந்ததாக மெட்டா நம்பியது. உங்கள் கணக்கிலும் ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். இரட்டிப்பைக் கழித்தது போக மிஞ்சும் Purchase எண்ணிக்கை கடையின் ஆர்டர் எண்ணிக்கையைத் தாண்டவே கூடாது. தாண்டினால் விளம்பரம் நன்றாக ஓடுகிறதா என்ற பேச்சுக்கே இடமில்லை, எண்ணுவதே பழுது.

வீடியோ தளத்தின் 60-இல் 47 பேர் கிளிக்கே செய்யவில்லை, விளம்பரம் கண்ணில் பட்டது என்ற கணக்கு மட்டும். அதை வெளியிலிருந்து யாராலும் சரிபார்க்க முடியாது, எந்த ஆர்டர் என்று ஐடி தரமாட்டார்கள்.

அப்புறம்தான் எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தேன். டேஷ்போர்டுகளை மூடிவிட்டு, கடையின் ஆர்டர் பட்டியலை எடுத்தேன். 400-இல் 3 நாங்களே போட்ட சோதனை ஆர்டர், 21 ரத்தானவை. மிச்சம் 376. இந்த 376-தான் தரை, வேறு எந்த எண்ணும் இதோடுதான் ஒத்துப்போக வேண்டும். நல்லவேளையாக எங்கள் கடை மென்பொருள் ஒவ்வொரு வருகையிலும் வந்து இறங்கிய URL-ஐச் சேமித்து, ஆர்டர் போட்டதும் அந்த வாடிக்கையாளரோடு இணைத்து வைக்கிறது. அதில் இருந்து விளம்பரக் கிளிக்குகளை மட்டும் ஒரு டேபிளாக எடுத்து, வாங்கும் முன் 7 நாளுக்குள் நடந்த கடைசிக் கிளிக்குக்கே ஆர்டர் என்று, ஒரு ஆர்டருக்கு ஒரே வரி வரும்படி PostgreSQL-இல் சேர்த்தேன்:

```sql
SELECT DISTINCT ON (o.order_id)
       o.order_id, o.net_amount, c.platform
FROM orders o
LEFT JOIN ad_clicks c
  ON c.customer_id = o.customer_id
 AND c.clicked_at BETWEEN o.paid_at - INTERVAL '7 days'
                      AND o.paid_at
WHERE o.status = 'paid' AND NOT o.is_test
ORDER BY o.order_id, c.clicked_at DESC;
```

இதில் LEFT JOIN முக்கியம். விளம்பரமே தொடாத ஆர்டரும் பட்டியலில் நிற்கும், கூட்டினால் கடையின் மொத்தம் வந்தே தீரும். வராவிட்டால் எங்கோ பிழை. இன்னொரு எச்சரிக்கை, நானே முதலில் விழுந்த இடம்: URL-இல் மெட்டா ஒட்டும் fbclid என்ற குறி இருந்தால் அது விளம்பரம் என்று எடுத்துவிடாதீர்கள். சாதாரணமாக யாரோ பகிர்ந்த லிங்கிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். விளம்பர லிங்க்குகளில் நாமே utm_medium=paid என்று போட்டு வைத்து, அதைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். கூகுள் ஒட்டும் gclid அப்படி இல்லை, அது விளம்பரக் கிளிக்கில்தான் வரும், ஆனால் சில பிரவுசர்கள் சில நேரம் அதை வெட்டிவிடும், ஆகவே என் எண் கொஞ்சம் குறைவாகவே இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வந்த விடை: கூகுள் 118, மெட்டா 71, வீடியோ தளம் 9, விளம்பரக் கிளிக் எதுவும் இல்லாதவை 178. கூட்டினால் 376. விளம்பரம் தொட்டது 198 ஆர்டர், அவர்கள் சொன்னது 515. கூகுள், மெட்டா இரண்டையும் கிளிக் செய்து வந்த ஆர்டர்கள் 37. அவர்கள் சொன்ன ஓவர்லாப் இதுதான், மீதி வித்தியாசத்தில் பெரும்பகுதி அவர்கள் போட்ட அமைப்பின் பிழை.

பணத்தில் இடைவெளி இன்னும் பெரிது. பிக்சலுக்கு ஆர்டரின் மொத்தத் தொகையை, வரியும் டெலிவரிக் கட்டணமும் சேர்த்து, அனுப்பியிருந்தார்கள். ரத்தான ஆர்டர் ஒருபோதும் கழிக்கப்படவில்லை. கடையின் நிகர வருமானத்தை 100 என்று வைத்தால், ரிப்போர்ட்டில் விளம்பர வருமானம் 157, என் கணக்கில் 52. கமிஷன் 157-க்குக் கட்டியிருக்கிறேன்.

நீங்கள் மாதக் கணக்கை ஒப்பிடும்போது தேதியையும் கவனியுங்கள். விற்பனை எந்த நாளில் நடந்தது என்று கடை எழுதும், கிளிக் எந்த நாளில் நடந்தது என்று கூகுள் வழக்கமாக எழுதும். 30-ஆம் தேதி கிளிக் செய்து 2-ஆம் தேதி வாங்கினால் இரண்டும் வேறு வேறு மாதம். கூகுளில் Conversions (by conv. time) என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. கணக்கின் நேர மண்டலமும் கடையினுடையதும் ஒன்றா என்று பாருங்கள்.

சரி, 198 என்பதாவது உண்மையா? முழுசாக இல்லை. கூகுளின் 118-இல் 62 ஆர்டர், எங்கள் கடைப் பெயரையே தேடி வந்தவை. அவர்கள் ஏற்கெனவே எங்களைத் தெரிந்தவர்கள், கீழே இருக்கும் இலவச முடிவைத் தட்டியும் வந்திருக்கலாம். பெயருக்கான அந்த விளம்பரத்தை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தேன். அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் 190 ஆர்டர், நிறுத்திய இரண்டு வாரத்தில் 184. இரண்டு வாரம் என்பது சின்ன அளவு, வழக்கமான ஏற்ற இறக்கமே இதைவிட அதிகம் இருக்கும், ஆனால் மாதத்துக்கு 62 என்பதில் இரண்டு வாரத்துக்குரிய சுமார் 31-இல் பெரும்பாலானவை காணாமல் போயிருந்தால் அது ஓரளவாவது தெரிந்திருக்கும். கடைசிக் கிளிக் கணக்கு இரட்டிப்பை நீக்கும், அவ்வளவுதான். விளம்பரம் இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பாரா என்பதை நிறுத்திப் பார்த்துத்தான் அறிய முடியும்.

பட்டியலோடு ஏஜென்சியிடம் போனேன். இரட்டை ஆக்ஷனையும் ஹேஷ் குறியையும் பார்த்ததும் மறுக்க முடியவில்லை, "டெக்னிக்கல் இஷ்யூ" என்றார்கள். கடைசி மாத இன்வாய்ஸை மட்டும் திருத்திக் கொடுத்தார்கள். முந்தைய நான்கு மாதத்துக்குப் பணம் திரும்பாது, ஒப்பந்தத்தில் வரையறை இல்லையே என்றார்கள். அது உண்மை, அதனால் அங்கே எனக்கு வாதமில்லை. event_id-ஐ நானே சரிசெய்த அடுத்த மாதம், அதே செலவுக்கு மெட்டா சொன்ன விற்பனை 210-இல் இருந்து 108-க்கு இறங்கியது. கடையின் ஆர்டரோ கிட்டத்தட்ட அதே 400.

புது ஏஜென்சி தேடும்போது ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: கமிஷன், கடையின் ஆர்டர் பட்டியலில் பணம் செலுத்தப்பட்டு ரத்தாகாமல் நிற்கும் ஆர்டர்களின் வரி, டெலிவரி நீங்கிய தொகையில், ஒரு ஆர்டர் ஐடி ஒரு தடவைதான் எண்ணப்படும், விளம்பரக் கிளிக் பதிவு இல்லாத ஆர்டர் சேராது. இரண்டு ஏஜென்சிகள் இந்த வரியைப் படித்துவிட்டு, டேஷ்போர்டு எண்ணை வைத்துத்தான் வேலை செய்வோம் என்று விலகிக்கொண்டார்கள். மூன்றாவது ஏஜென்சி முதல் நாளே ஆர்டர் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டது, அவர்களோடுதான் இப்போது வேலை செய்கிறேன்.