தரைத்தளமா, சாய்தளமா, லிஃப்டா: தேர்வு மையத்தில் எதைக் கேட்பது?

சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வரும் தேர்வருக்கு மையத்தில் மூன்று வழிகள் உண்டு: தரைத்தளத்தில் இருக்கை, சாய்தளம், லிஃப்ட். மனுவில் மூன்றையும் வரிசையாக எழுதினால், இருப்பதில் ஒன்றைக் காட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். முதலில் கேட்க வேண்டியது தரைத்தளம். தேர்வு நாளில் சாவியையோ மின்சாரத்தையோ ஆளையோ நம்பாமல் கிடைப்பது அது ஒன்றுதான்.

லிஃப்ட் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெரும்பாலான எழுத்துத் தேர்வுகள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிகளில் நடக்கின்றன, அங்கே லிஃப்ட் அபூர்வம். இருக்கிற கல்லூரிகளிலும் விடுமுறை நாளில் அதைப் பூட்டி வைத்து, சாவி காவலாளியிடம் இருக்கும். மின்தடை வந்தால் ஜெனரேட்டர் இணைப்பு லிஃப்டுக்கும் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கணினித் தேர்வில் ஆய்வகமே மாடியில் இருந்தால் வேறு வழியில்லை. அப்போது லிஃப்டைக் கேட்கலாம். கூடவே அதை இயக்கும் ஆளையும் எழுதிக் கேட்க வேண்டும், தேர்வு முடிந்து இறங்கும்வரை அவர் இருக்கவேண்டும் என்றும் சேர்த்து.

சாய்தளத்தில்தான் ஏமாற்றம் அதிகம். ‘எங்கள் பள்ளியில் சாய்தளம் இருக்கிறது’ என்ற பதில் உண்மையாகவே இருக்கும், ஆனால் ஏற முடியாது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் அளவு. வராந்தாவுக்கு மூன்று படி இருக்கிறது, ஒவ்வொன்றும் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்த உயரம் 45 செ.மீ., தேவையான நீளம் 5.4 மீட்டர். இடமில்லை என்று அதே உயரத்துக்கு 2 மீட்டரில் சிமெண்ட் போட்டிருப்பார்கள். அதில் தானாக ஏற முடியாது. தள்ளுபவர் இருந்தாலும் இறங்கும்போது நாற்காலி முன்பக்கம் சாயும். காலிப்பர் போட்டவருக்கும் ஊன்றுகோல்காரருக்கும் இந்தச் சறுக்கலைவிடக் கைப்பிடியுள்ள படியே பாதுகாப்பு.

எனவே தரைத்தளம் என்று கேட்டாலும் பாதி வேலைதான் முடிந்தது, ஏனென்றால் தரைத்தள அறைக்கும் அந்த மூன்று படிகள் உண்டு. சாய்தளம் தலைமையாசிரியர் அறைப்பக்கம் இருக்கும், தேர்வு அறை மைதானத்துக்கு அந்தப்புறக் கட்டடத்தில் இருக்கும், நடுவே மணல். கழிப்பறைக்கும் இதே கணக்கு. ஹால் டிக்கெட் வந்ததும் யாரையாவது அனுப்பி வாசல் கேட்டிலிருந்து இருக்கைவரை படம் எடுத்துவரச் சொல்லுங்கள். படிகளை எண்ணினால் போதும். பெஞ்சும் டெஸ்க்கும் ஒன்றாக இணைந்த பள்ளி மேசைக்குள் சக்கர நாற்காலி நுழையாது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

விண்ணப்பத்தில் குறைபாட்டின் வகை, சதவீதம், சான்றிதழ் எண் எல்லாம் நிரப்பியிருப்பீர்கள். அது கூடுதல் நேரத்துக்கும், சொல்லச் சொல்ல விடை எழுதித் தரும் எழுத்தருக்கும் உதவும், அறையை மாற்றித் தராது. அறைகள் பெரும்பாலும் பதிவெண் வரிசையில் நிரப்பப்படுகின்றன. ஆகவே தனி மனு வேண்டும்: தேர்வு நடத்தும் அமைப்புக்கு மின்னஞ்சலில் ஒன்று, மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளருக்கு நேரில் ஒன்று, நகலில் தேதியோடு கையொப்பம். மத்திய மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறையின் எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல்களில் இப்போது நடப்பில் உள்ளதைக் குறிப்பிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேர்வைக் கூடியவரை தரைத்தளத்தில் நடத்த வேண்டும் என்றது 2018 ஆகஸ்ட் 29-ல் வெளியான வழிகாட்டுதல். ‘கூடியவரை’ என்ற சொல்லில் நழுவ இடம் இருப்பதால் தேவையைத் துல்லியமாக எழுதுவது நல்லது:

“பதிவெண் ____. சக்கர நாற்காலி பயன்படுத்துகிறேன். தரைத்தளத்தில், படியில்லாமல் நுழையக்கூடிய அறையில், கதவுக்கு அருகே முன்வரிசையில், தனி மேசையோடு இடம் ஒதுக்கவும். அறைவரை வாகனம் வர அனுமதிக்கவும். யு.டி.ஐ.டி. அட்டை நகல் இணைப்பு.”

இருக்கைப் பட்டியல் ஒட்டப்படுவதற்கு முன் இது போய்ச்சேர வேண்டும். பெயரும் பதிவெண்ணும் அச்சிட்ட விடைத்தாள் அறைவாரியாகக் கட்டுப்போட்டு வரும் தேர்வுகளில், காலையில் அறை மாற்றினால் விடைத்தாள், வருகைத்தாள் இரண்டையும் பிரித்தெடுத்துக் குறிப்பெழுத வேண்டும். கண்காணிப்பாளர் தயங்குவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

அப்படியும் மாடி அறைதான் என்றால், நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், இறங்கும் நேரத்தில் அந்த ஆட்கள் இருக்கமாட்டார்கள். கீழே ஆசிரியர் ஓய்வறையில் ஒரு மேசையும் தனிக் கண்காணிப்பாளரும் கேளுங்கள். இதைச் சொல்வதற்காகவே அறிவித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும்.