ஆளில்லாத வீட்டுக்குக் காப்பாளர் வைப்பவர்களுக்கு: 'பில் பூஜ்யம்' என்ற சொல்லை நம்பாதீர்கள்

எனக்கு வயது 76. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவி மறைந்த பிறகு பெங்களூரில் மகளுடன் இருக்கிறேன். காவேரிப்பட்டினத்தில் என் தந்தை கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள 2023 ஜனவரியில் தெரிந்த பையன் ஒருவனை மாதம் 3,000 ரூபாய்க்கு வைத்தேன். வாய்ப்பேச்சு வேண்டாம் என்று இரண்டு பக்கக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதமே எனக்கு எதிராகத் திரும்பியது.

கடிதத்தில் வேலைகளைத் தெளிவாகவே எழுதியிருந்தேன். வாரம் ஒரு முறை ஜன்னல்களைத் திறந்து பெருக்க வேண்டும். போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். கதவு நிலைகளில் கரையான் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மின்கட்டணம் வந்தால் கட்டிவிட்டு, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி எனக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவனும் தவறாமல் பேசினான். "எல்லாம் நன்றாக இருக்கிறது ஐயா, கரண்ட் பில்லும் பூஜ்யம்தான்" என்பான். பில் பூஜ்யம் என்றால் வீட்டில் யாரும் இல்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

இந்த இடத்தில்தான் ஏமாந்தேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2 யூனிட் ஓடினாலும் 98 யூனிட் ஓடினாலும் கட்ட வேண்டிய தொகை ஒன்றுதான், பூஜ்யம். ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பதைத் தொகை சொல்லாது, யூனிட்தான் சொல்லும். நானோ கடிதத்தில் தொகையை மட்டும் கேட்டிருந்தேன்.

2024 ஆகஸ்டில் பேரன் மின்வாரிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டுப் பழைய கணக்கைக் காட்டினான். முதல் ஆண்டில் 3, 2, 3 என்று இருந்தது. அது சரி. ஒரு குதிரைத்திறன் மோட்டாரை வாரம் பத்து நிமிடம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட்தான் வரும். பெருக்கும்போது போடும் விளக்கையும் சேர்த்தால் மூன்றுக்கு மேல் போகாது. ஆனால் கடைசி மூன்று கணக்குகளில் 94, 97, 91 என்று இருந்தது.

மறுநாளே தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது முன்பின் தெரியாத ஒரு பெண். மாங்கூழ்த் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். கூடத்தின் சிவப்புச் சிமெண்டுத் தரை முழுவதும் காசு அளவுக் கறுப்புப் புள்ளிகள், மாங்காய்ப் பால் சொட்டிய கறை. என் தாய் தினமும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்த தரை அது.

அவர்கள்மேல் குற்றமில்லை. இருபதாயிரம் முன்பணமும் மாதம் நான்காயிரம் வாடகையும் அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கும் முன் அந்தப் பெண்ணின் கணவர் ஆதாரம் கேட்டாராம். அவன் காட்டியது என் கடிதத்தை! "வீட்டின் முழுப் பொறுப்பையும் தங்களிடம் ஒப்படைக்கிறேன்" என்று, மரியாதைக்காக நான் எழுதிய ஒரு வரியை. வாரா வாரம் வந்து மீட்டரைப் பார்த்து, நூறைத் தாண்டக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போவானாம். இதைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. அறியாமல் செய்தது இல்லை, கணக்குப் போட்டுச் செய்திருக்கிறான்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "நீங்கள்தானே ஐயா எழுதிக் கொடுத்தீர்கள்" என்றான். கிருஷ்ணகிரியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். காப்பாளர் எத்தனை ஆண்டு இருந்தாலும் வீட்டில் அவருக்கு உரிமை வராது, உரிமையாளர் சார்பில்தான் அவர் அங்கே இருக்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது என்றார். ஆனாலும் உள்ளே குடும்பம் இருக்கும்போது வழக்கு என்று போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்றார். அந்தக் குடும்பத்துக்கு ஒரு மாதம் அவகாசமும் முன்பணத்தில் பாதியை என் கையிலிருந்தும் கொடுத்து அனுப்பினேன். அவனிடமிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை.

இப்போது வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கும் கடிதத்தில் 'பொறுப்பு', 'ஒப்படைக்கிறேன்' என்ற சொற்களே இல்லை. "என் சார்பில், கூலிக்கு, கீழ்க்கண்ட வேலைகளை மட்டும் செய்ய அனுமதிக்கிறேன். தாங்களோ வேறு யாருமோ இரவு தங்கவோ, வாடகை, முன்பணம் பெறவோ அனுமதி இல்லை. இக்கடிதம் ஆறு மாதத்துக்கு மட்டும் செல்லும், அதற்கு முன்பும் நான் கேட்டால் சாவியைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதி, இரண்டு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போட்டோம். தங்கக் கூடாது என்ற வரியை முதல் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தால் முதல் பக்கத்தை மட்டும் காட்டி ஏமாற்றலாம். மின்வாரியத்தில் பதிந்திருந்த கைபேசி எண்ணையும் என் எண்ணாக மாற்றிவிட்டேன்.

மாத அறிக்கையில் தொகை கேட்பதில்லை. மீட்டரில் ஓடும் எண் தெரியும்படி ஒரு படம் கேட்கிறேன். போன 5ஆம் தேதி வந்த படத்தில் 8412. அதற்கு முந்தைய மாதம் 8411.