ஒப்புதல் பெற்ற பின்னரே: வெளிநாட்டுக்கு அனுப்பிய அதிகாரப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் நான் இழந்தது

வெளிநாட்டில் எனக்கிருந்த ஒரு வீட்டை விற்பதற்காக, அங்கேயே பிறந்து வளர்ந்த என் சித்தப்பா மகனுக்கு அதிகாரப் பத்திரம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பத்திரம் தமிழில் இருந்தது. அதை அந்நாட்டு மொழியில் பெயர்த்துத் தரும் பணியை, ஆவண மொழிபெயர்ப்பை மட்டுமே தொழிலாகச் செய்வதாகக் கூறிய ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். நான் கேட்டிராத விலைக்கு, நான் கண்டிராத ஒருவருடைய கையொப்பத்தில், அந்த வீட்டுக்கு விற்பனை உடன்படிக்கை முடிந்துவிட்டது. இதில் எவரும் திருடவில்லை. நான் கொடுக்காத அதிகாரம் மொழிபெயர்ப்பில் முளைத்திருந்தது. பவர் பத்திரம் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பவிருப்போர் கையொப்பமிடும் முன் படிக்க வேண்டும் என்றே இதை விரிவாக எழுதுகிறேன்.

என் பத்திரத்தின் நான்காம் பிரிவு இப்படி இருந்தது: "என் எழுத்துமூல ஒப்புதலை முன்கூட்டியே பெற்ற பின்னரே, வாங்குபவருடன் விலையைப் பேசி முடிக்கவும், விற்பனை உடன்படிக்கையில் கையொப்பமிடவும், முன்பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் முகவருக்கு அதிகாரம் உண்டு." தமிழ் படிக்கும் எவருக்கும் இதில் ஐயம் எழாது. நிபந்தனை வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. அதன்பின் வரும் மூன்று வினைகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. 'பின்னரே' என்பதன் ஏகாரம் அந்தக் கட்டை இன்னும் இறுக்குகிறது. குறைந்தபட்ச விலை என்று தனியாக ஒரு தொகையை நான் எழுதாததற்கும் இதுவே காரணம். ஒப்புதல் என் கையில் இருக்கும்வரை விலையும் என் கையில்தான் என்று நம்பினேன்.

பெயர்க்கப்பட்ட மொழியிலோ வினை முன்னே வந்து, நிபந்தனை வாக்கியத்தின் வாலுக்குப் போயிற்று. அதை மீண்டும் தமிழாக்கினால் இவ்வாறு அமையும்: "வாங்குபவருடன் விலையைப் பேசி முடிப்பதற்கும், விற்பனை உடன்படிக்கையில் கையொப்பமிடுவதற்கும், என் எழுத்துமூல ஒப்புதலை முன்கூட்டியே பெற்ற பின்னரே முன்பணத்தைப் பெற்றுக்கொள்வதற்கும் முகவருக்கு அதிகாரம் உண்டு." ஒரு சொல்கூட விடுபடவில்லை, ஒரு சொல்கூடத் தவறாகப் பெயர்க்கப்படவில்லை. ஆனாலும் ஒப்புதல் என்ற கட்டு முன்பணத்தின்மீது மட்டும் விழுந்து, விலை பேசுவதும் கையொப்பமிடுவதும் கட்டற்றுப் போயின. சொல்லுக்குச் சொல் ஒத்துப் பார்க்கும் சரிபார்ப்பில் இந்தப் பிழை சிக்காது. இந்த நிபந்தனை எந்தெந்த வினைகளை ஆள்கிறது என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டால்தான் அது வெளிப்படும். அந்தக் கேள்வியை நிறுவனத்தில் எவரும் கேட்கவில்லை. அந்த மொழி அறியாத என்னாலும் கேட்க இயலவில்லை.

இரண்டாவது கேடு ஏழாம் பிரிவில் நிகழ்ந்தது. முகவர் தமக்குப் பதிலாக வேறு எவரையும் நியமிக்கக் கூடாது என்று நான் எழுதியிருந்த அந்த ஒற்றை வாக்கியம் மொழிபெயர்ப்பில் இல்லவே இல்லை. தங்களிடம் உள்ள மாதிரிப் பத்திரத்தில் அத்தகைய பிரிவு கிடையாது என்றும், எந்த முகவரும் தம் அதிகாரத்தைப் பிறருக்குக் கைமாற்ற முடியாது என்பது பொதுவாக அறியப்பட்ட விதிதானே என்றும் பின்னர் விளக்கம் தந்தார்கள். அது எல்லா நாட்டுக்கும் பொருந்தும் விதி அன்று. ஆங்கிலச் சட்ட மரபில் வெளிப்படையான அனுமதியின்றி முகவர் மாற்று முகவரை நியமிக்கக் கூடாது என்பதே பொதுவான நிலை. ஸ்பெயின் நாட்டு உரிமையியல் சட்டத்தொகுப்பின் 1721-ஆம் பிரிவோ இதற்கு நேர் எதிராக, அதிகாரம் அளித்தவர் தடுத்திராவிட்டால் முகவர் மாற்று முகவரை நியமிக்கலாம் என்கிறது. தடை வாக்கியம் ஒன்று விடுபடும்போது, அந்த இடைவெளியை நிரப்புவது பத்திரம் போய்ச் சேரும் நாட்டின் சட்டமே. என் வீடு இருந்த நாட்டிலும் தடை இல்லாத மௌனம் அனுமதியாகவே கொள்ளப்பட்டது.

சித்தப்பா மகன் தமிழ் பேசுவானே தவிர எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. அவனுக்குப் பத்திரம் என்றால் மொழிபெயர்ப்புதான். அவசர வேலையாக வெளியூர் செல்ல நேர்ந்தபோது, ஒரு வழக்கறிஞரிடம் அதைக் காட்டிக் கேட்டுவிட்டே, ஏற்கெனவே வாங்குபவரைத் தேடிக்கொண்டிருந்த வீட்டுத் தரகரைத் தன் மாற்று முகவராக நியமித்தான். தரகர் இரண்டே வாரத்தில் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். முன்பணத்தைப் பெறுவதற்கு மட்டும் என் ஒப்புதல் தேவை என்று பத்திரத்தில் இருந்ததால், அதைக் கேட்டு எனக்குக் கடிதம் அனுப்பினார். செய்தி எனக்குத் தெரிந்ததே அந்தக் கடிதத்தால்தான். தொலைபேசியில் நான் கோபப்பட்டபோது அவன் சொன்னான்: "அக்கா, நீங்க அனுப்பின பத்திரத்துல என்ன இருந்ததோ அதைத்தானே செஞ்சேன்!" அவன்மீது குற்றமில்லை.

உடன்படிக்கையில் இருந்த விலை, நான் மனத்தில் வைத்திருந்த குறைந்தபட்ச விலையைவிட 8 விழுக்காடு குறைவு. அந்நாட்டில் நான் அமர்த்திய வழக்கறிஞர், வாங்குபவர் தம்மிடம் காட்டப்பட்ட சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பை நல்லெண்ணத்துடன் நம்பியவர் என்பதால், தமிழ் மூலத்தைக் காட்டி உடன்படிக்கையைச் செல்லாததாக்குவது நீண்டதும் நிச்சயமற்றதுமான வழக்காகும் என்றார். உடன்படிக்கைப்படி முன்பணம் விலையில் பத்தில் ஒரு பங்கு. நான் ஒப்புதல் தர மறுத்துப் பின்வாங்கினால் அதற்கு ஈடான தொகையை வாங்குபவருக்கு நான் தர வேண்டும் என்றும் ஒரு விதி அதில் இருந்தது. நான் நினைத்த விலையை 100 என்று கொண்டால் விற்பனை விலை 92, முன்பணம் 9.2. பின்வாங்கினால் 9.2 போகும், வழக்கறிஞர் கட்டணம் தனி. ஏற்றுக்கொண்டால் 8 போகும். நான் ஏற்றுக்கொண்டேன்.

நிறுவனத்திடம் முறையிட்டபோது, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி நோட்டரி முன் கையொப்பமிடப்பட்டது என்றும், அதற்கு அப்போஸ்டில் முத்திரையும் பெறப்பட்டது என்றும், ஆகவே மொழிபெயர்ப்பின் சரித்தன்மை அரசாலேயே ஏற்கப்பட்டது என்றும் பதில் வந்தது. இந்தப் பதிலை நம்பி ஏமாறுவோர் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன். அப்போஸ்டில் என்பது 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் உருவான ஒப்பந்தத்தின்படி வழங்கப்படும் சான்று. கையொப்பம் உண்மையானது, கையொப்பமிட்டவர் இன்ன பதவியில் இருந்து அதை இட்டார், முத்திரை இருந்தால் அது யாருடையது என்ற மூன்றுக்கு மேல் அது எதையும் உறுதிசெய்வதில்லை. ஆவணத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது அதன் பார்வைக்கே வராது. நோட்டரியும் பெரும்பாலும் அப்படித்தான்: இவர் என் முன் வந்து கையொப்பமிட்டார் என்பதற்குத்தான் அவர் சாட்சி, அந்த மொழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பத்திரத்தில் எத்தனை முத்திரைகள் இருந்தாலும், மொழிபெயர்ப்பு சரி என்று சொல்பவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே. அவருடைய பொறுப்போ, நான் படிக்காமல் கையொப்பமிட்ட பணி ஆணைப் படிவத்தின்படி, நான் செலுத்திய கட்டணத்தோடு நின்றுவிட்டது. அதைத் திருப்பித் தந்தார்கள்.

இன்னொரு மாற்றத்தையும் வழக்கறிஞர் காட்டினார். நல்வாய்ப்பாக அதை எவரும் பயன்படுத்தவில்லை. "மேற்கண்டவற்றை நிறைவேற்ற ஆவன செய்யவும்" என்று நான் எழுதியிருந்தது, "இச்சொத்து தொடர்பாக நான் நேரில் இருந்தால் செய்யக்கூடிய அனைத்தையும் செய்யவும்" என்று ஆகியிருந்தது. ஆவன என்பது மேலே சொன்ன வேலைகளுக்குத் துணைபோகும் செயல்களை மட்டுமே குறிக்கும்; விண்ணப்பம் கொடுப்பது, கட்டணம் செலுத்துவது போன்றவை. பெயர்ப்பில் வந்த வாக்கியமோ வீட்டை அடமானம் வைக்கவும் வழிவிடக் கூடியது என்று தோன்றும். ஆங்கிலச் சட்ட மரபில் இத்தகைய பொதுச் சொற்கள் முன்னே சொல்லப்பட்ட குறிப்பிட்ட அதிகாரங்களுக்குள் அடக்கியே படிக்கப்படும். அதிகாரப் பத்திரத்தைக் கண்டிப்பாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 1893-இலேயே, பிரிட்டிஷ் காலனிகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருக்கிறது. பிரான்சின் உரிமையியல் சட்டமும் பொதுச் சொற்களில் தரப்பட்ட அதிகாரம் நிர்வாகச் செயல்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றும், விற்கவோ அடமானம் வைக்கவோ வெளிப்படையான அதிகாரம் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் இந்தக் காப்புகள் நீதிமன்றத்தில்தான் கைகொடுக்கும். அங்கே போக வேண்டிய நிலை வந்தாலே பாதி இழப்பு நேர்ந்துவிட்டது என்று பொருள்.

இறுதி விற்பனைப் பத்திரத்தில் கையொப்பமிட மீண்டும் ஓர் அதிகாரப் பத்திரம் தேவைப்பட்டது. முதலில் பழையதை ரத்து செய்து, அந்த ரத்து அறிவிப்பை அந்நாட்டு மொழியில் சித்தப்பா மகன், தரகர், வாங்குபவர் மூவருக்கும் தனித்தனியே சேர்ப்பித்தோம். ரத்து செய்தி சென்றடையாதவர் பழைய பத்திரத்தை நம்பி நடந்தால் அது என்னைக் கட்டுப்படுத்தக்கூடும் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். புதிய பத்திரத்தைத் தமிழிலேயே வேறு விதமாக எழுதினேன். ஓர் அதிகாரத்துக்கு ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்குள்ளேயே அதன் நிபந்தனை, நிபந்தனை மூன்றுக்குப் பொதுவானால் மூன்று முறையும் அதே சொற்களில். தடைகளை இறுதியில் ஒதுக்காமல் தனித்தனி எண்ணிட்ட பிரிவுகளாக்கினேன். காலவரம்பை, வெறுமனே 'வரை' என்று விடாமல், 'அந்த நாளும் உட்பட' என்று எழுதினேன். தமிழ் நடை இதனால் அழகிழந்தது உண்மைதான். ஆனால் எந்த மொழிக்குப் போனாலும் நிபந்தனை வினையை விட்டுப் பிரியாது.

மொழிபெயர்ப்பை இம்முறை வேறொருவர், மாதிரிப் பத்திரம் எதுவும் இன்றி, பிரிவு எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி செய்தார். தமிழ் மூலத்தையே பாராத இன்னொருவரிடம் அந்தப் பெயர்ப்பைக் கொடுத்துத் தமிழுக்குத் திருப்பி எழுதச் சொன்னேன். நான் கையொப்பமிடும் முன்பே அந்நாட்டு வழக்கறிஞரும் வரைவைப் படித்தார். திருப்பி எழுதிய தமிழில் ஒரே இடம் இடறியது. "மீதித் தொகை என் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுவதை உறுதிசெய்யவும்" என்று நான் எழுதியது "மீதித் தொகையைப் பெற்று என் கணக்கில் செலுத்தவும்" என்று திரும்பி வந்தது. பணம் முகவர் கைக்கே வராமல் என் கணக்குக்குப் போவது ஒன்று, அவர் கை வழியாக வந்து சேர்வது வேறொன்று. பெயர்த்தவரிடம் சொன்னதும் அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டு திருத்தினார். அதன் பிறகே நோட்டரி முன் கையொப்பமிட்டேன்.