ஜஸ்டிஃபை பட்டனோட ஏழு வருஷம்: சித்தப்பாவோட கும்பாபிஷேக மலர் வரைக்கும்

போன மாசம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு சித்தப்பா போன் பண்ணாரு. ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலருக்கு அவர்தான் பொறுப்பு. "ஏப்பா, ஓரம் ரெண்டும் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கணும்னு ஒரு பட்டன் அழுத்துனேன், இப்ப வரிக்கு வரி பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கே, என்ன பண்றது"ன்னாரு. ஃபைலை அனுப்பச் சொல்லிப் பாத்தேன். அவர் சொன்னது கொஞ்சமும் மிகை இல்ல.

நான் ஏழு வருஷமா லிப்ரே ஆபீஸ் ரைட்டர்லதான் மலர், நினைவு வெளியீடு, சின்ன புத்தகம்னு எல்லாம் போட்டுக் குடுக்குறேன். சித்தப்பா அழுத்துன பட்டன்தான் ஜஸ்டிஃபை, அதாவது Ctrl+J, நான் தினமும் அழுத்துற சாவி. புடிச்சும் அழுத்தியிருக்கேன், திட்டிக்கிட்டும் அழுத்தியிருக்கேன். அவருக்கு வாட்ஸாப்ல சொன்னதை எல்லாம் சேத்து இங்க எழுதி வைக்கிறேன், அடுத்த தடவை யாராவது கேட்டா இதையே அனுப்பிடலாம்ல.

முதல்ல இடைவெளி எங்கருந்து வருதுன்னு பாக்கணும், இல்லன்னா கண்ட இடத்துல கை வைப்போம். சித்தப்பா பேப்பர் மாதிரி இருக்கணும்னு ஏ4 பக்கத்தை நெடுக்க மூணு காலமாப் பிரிச்சிருந்தாரு. ஓரத்துக்கு 15 மிமீ, காலத்துக்கு நடுவுல 6 மிமீ விட்டா ஒரு காலத்துக்கு மிஞ்சுறது 56 மிமீ. எழுத்து 12 பாயின்ட். அதுல ஒரு வரி "புதிதாகக் கட்டப்பட்ட"ன்னு ரெண்டே வார்த்தையோட நின்னுருச்சு, ஏன்னா அடுத்த வார்த்தை "ராஜகோபுரத்தின்". பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வச்சு அளந்தேன். முதல் வார்த்தை 16, ரெண்டாவது 20, மூணாவது 27 மிமீக்கு கொஞ்சம் மேல. மூணும் ஒரே வரியில ஏறாது, அதனால கடைசி ஆள் கீழ போயிட்டாரு. மிச்சம் இருக்குற 20 மிமீயை பங்கு போட ஒரே ஒரு இடைவெளிதான் இருக்கு. ஆக ரெண்டு வார்த்தைக்கு நடுவுல முழுசா 2 சென்டிமீட்டர் ஓட்டை. சாதாரணமா அந்த இடம் 1 மிமீ இருந்தா போதும்.

இங்கிலீஷ்ல இதே அகலத்துல ஒரு வரிக்கு அஞ்சாறு சின்ன வார்த்தை வந்துடும், மிச்சத்தை நாலஞ்சு இடத்துக்குப் பிரிச்சா அவ்வளவாத் தெரியாது. நம்ம மொழியில வேற்றுமை, காலம், துணைவினை எல்லாம் ஒரே வார்த்தையில ஒட்டிக்கிட்டு வரும், வரிக்கு ரெண்டு மூணு வார்த்தைதான். ஜஸ்டிஃபை பட்டன் மேல கோவப்படுறதுக்கு முன்னாடி இதை யோசிச்சிருந்தா எனக்கு முதல் ரெண்டு வருஷம் மிச்சம் ஆகியிருக்கும்.

அதனால நான் முதல்ல மாத்துனது அகலம்தான். மூணு காலத்தை ரெண்டாக்குனேன், ஒண்ணு 87 மிமீ ஆச்சு. அதே வரியில இப்ப "புதிதாகக் கட்டப்பட்ட ராஜகோபுரத்தின் மேல்"னு நாலு வார்த்தை வந்துச்சு, ஆனா அஞ்சாவதா வர்ற "கலசங்கள்" ஏறல, மூணு இடைவெளியும் 5 மிமீக்கு மேல. இன்னும் நல்லா இல்ல. எழுத்தை 11 பாயின்ட் ஆக்குனதும் "கலசங்கள்" மேல ஏறிருச்சு, நாலு இடைவெளி, ஒவ்வொண்ணும் ஒண்ணேகால் மிமீ. பாக்கவே ஆசையா இருந்துச்சு. ஆனா அது அந்த வரிக்கு அடிச்ச யோகம், அதுக்கு ரெண்டு வரி தள்ளி இன்னொண்ணு பல்லைக் காட்டுச்சு. ரைட்டர் ஒவ்வொரு வரியா நிரப்பிக்கிட்டே கீழ போகும், கீழ வரி அசிங்கமாகுதேன்னு மேல வரியைத் திரும்பப் பாக்காது. முழுப் பத்தியையும் மொத்தமா வச்சுப் பாத்து எங்க உடைக்கலாம்னு முடிவு பண்ற முறையை நூத், பிளாஸ்னு ரெண்டு கம்ப்யூட்டர் விஞ்ஞானிங்க 1981லயே கட்டுரையா எழுதிட்டாங்க, டெக்ஸ்ங்கற அச்சுக்கோப்பு மென்பொருள் அப்படித்தான் வேலை செய்யுது. சித்தப்பாவை டெக்ஸ் கத்துக்கச் சொன்னா கும்பாபிஷேகமே முடிஞ்சிடும், அதனால அந்தப் பேச்சை எடுக்கல.

ரெண்டாவது, ஃபைலுக்குள்ள ஒளிஞ்சிருந்த சில்லறை விஷயங்கள். Ctrl+F10 அழுத்தி மறைஞ்ச குறிகளை எல்லாம் காட்டச் சொன்னேன். நன்கொடையாளர் பேர் வர்ற பக்கத்துல ஒவ்வொரு பேருக்கும் அப்புறம் Shift+Enter அடிச்சிருந்தாரு. அது புதுப் பத்தி இல்ல, பத்திக்குள்ளயே வரி மாத்துறது, அதனால ரைட்டர் அதைக் கடைசி வரின்னு நினைக்காம "திரு. முத்துசாமி"யைக்கூட இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம் வரைக்கும் இழுத்து வச்சிருந்துச்சு. இதுக்கு ரெண்டு வழி இருக்கு. Tools, Options, LibreOffice Writer, Compatibility போயி Expand word space on lines with manual line breaks in justified paragraphs டிக்கை எடுத்துடலாம், இது அந்த டாகுமென்ட்டுக்கு மட்டும் பொருந்தும். இல்லன்னா Find & Replace-ல Regular expressions டிக் போட்டு, தேடுற இடத்துல `\n`, மாத்துற இடத்துலயும் `\n`. கேக்க லூசுத்தனமா இருக்கும். ஆனா ரைட்டர்ல தேடும்போது அதுக்கு அர்த்தம் Shift+Enter, மாத்தும்போது அர்த்தம் புதுப் பத்தி. இதை முதல்தடவை கண்டுபிடிச்சப்ப தனியா உக்காந்து சிரிச்சேன்.

அடுத்தது கமா. நம்ம ஆளுங்க நிறைய பேர் கமாவுக்கு அப்புறம் இடம் விட மாட்டாங்க, "பால்,தயிர்,இளநீர்,சந்தனம்"னு ஒரே மூச்சுல அடிப்பாங்க. இடம் இல்லன்னா கமாவுக்கு அப்புறம் வரி உடையாது, அது மொத்தமும் ஒரே நீள வார்த்தையாத்தான் போகும், மேல் வரி காலியாகி இழுபடும். தமிழ் எழுத்து பின்னாடி வந்தா மட்டும் இடம் சேக்குற மாதிரி தேடுனேன், அப்பதான் 1,200 ரூபா கெடாம இருக்கும்:

```
தேட:   ,([\u0B80-\u0BFF])
மாற்ற:  , $1
```

வெப்சைட்லருந்து காப்பி பண்ண தல வரலாறுல உடையாத இடைவெளி நிறைய இருந்துச்சு, ரைட்டர்ல அது சாம்பல் கலர்ல தெரியும். `\u00A0` தேடி சாதா ஸ்பேஸ் போட்டேன். இந்த மூணுலயே பாதி ஓட்டை அடைஞ்சிருச்சு, இது வரைக்கும் ஒரு வார்த்தையைக்கூட உடைக்கல.

மிச்ச பாதிக்கு வார்த்தையை உடைச்சாகணும், என் ஏழு வருஷ எரிச்சல் முழுக்க இங்கதான். Format, Paragraph, Text Flow-ல ஆட்டோமேட்டிக் ஹைபனேஷன் இருக்கு. ஆனா தமிழுக்கான ஹைபனேஷன் அகராதி ரைட்டர்ல இருக்கணும், எழுத்தும் Tamil மொழின்னு மார்க் ஆகியிருக்கணும், அதுவும் தமிழ் மாதிரி எழுத்துகளுக்குன்னு இருக்குற Complex text layout பகுதியில. மேல இருக்குற வெஸ்டர்ன் பகுதியில மொழியை மாத்திட்டு ஒண்ணும் நடக்கலைன்னு நான் ஒரு முழு ஞாயித்துக்கிழமையைத் தொலைச்சிருக்கேன். சரியா வேலை செஞ்சாலும் வரிக்கடைசியில கோடு போடும். நம்ம பத்திரிகை, புத்தகம் எதையாவது எடுத்துப் பாருங்க, வார்த்தையை உடைச்சு அடுத்த வரிக்குக் கொண்டு போவாங்க, கோடு போட மாட்டாங்க. சித்தப்பா கோட்டைப் பாத்ததும் "இது என்னப்பா கழித்தல் குறி"ன்னாரு.

கோடு இல்லாம உடைக்க Insert, Formatting Mark, No-width Optional Break. கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத குறி. வேணும்னா அங்க உடைஞ்சுக்கோன்னு ரைட்டருக்கு அனுமதி குடுக்குறது, அவ்வளவுதான். நாளைக்கே காலம் அகலமாகி அந்த வார்த்தை வரிக்கு நடுவுல வந்தாலும் எதுவும் தெரியாது. "வெளியிடப்பட்டிருக்கிறது"ல நான் ரெண்டு எடத்துல வைப்பேன், "வெளியிடப்" முடிஞ்சதும் ஒண்ணு, "பட்டிருக்" முடிஞ்சதும் ஒண்ணு. புள்ளி வச்ச எழுத்து மேல் வரியிலயே நின்னுடணும், ஒற்றுல அடுத்த வரி ஆரம்பிக்கக் கூடாது. ஒத்த எழுத்தைத் தனியா விடவும் கூடாது. இந்த ரெண்டும் சித்தப்பாவுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா என்ன, அவரே எனக்கு நாலு எடத்துல திருத்துனாரு. எல்லா வார்த்தையிலயும் வைக்க வேண்டாம், ஓட்டை தெரியுற வரிக்கு அடுத்த வரியோட முதல் வார்த்தையில மட்டும் வச்சா போதும். வைக்குறதை பத்தியோட மேலருந்து ஆரம்பிக்கணும், கீழருந்து ஆரம்பிச்சா மேல ஒண்ணு மாறுனதும் கீழ செஞ்சது எல்லாம் வீண்.

இதுல ஒரு வில்லங்கம் உண்டு. குறி வச்ச வார்த்தையை Ctrl+F-ல தேடுனா கிடைக்காது, நடுவுல ஒரு எழுத்து இருக்குன்னுதான் கம்ப்யூட்டர் நினைக்கும். ஒரு தடவை புத்தகம் முழுக்க ஒரு ஊர்ப் பேரை மாத்துனேன், குறி வச்ச மூணு எடத்துல பழைய பேரே அச்சாகி வந்துச்சு. தப்பு என்னுதுதான். அதுலருந்து பிழைதிருத்தம் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் குறி வைக்கிறது, குறி இல்லாத காப்பி ஒண்ணு தனியா.

எழுத்துக்கு நடுவுல இருக்குற இடத்தைக் குறைக்கலாமேன்னு கேப்பாங்க. Format, Character, Position-ல 0.1 பாயின்ட் குறைச்சா இருபத்தஞ்சு எழுத்து வரியில ரெண்டரை பாயின்ட் கிடைக்கும், ஒரு மிமீகூட இல்ல. நூலிழையில ஏறாம நிக்குற வார்த்தைக்கு மட்டும் உதவும். 0.3 போனா பக்கத்துல இருக்குற பத்தியை விட இந்தப் பத்தி கருப்பாத் தெரியும், எனக்குப் பிடிக்கல.

ரேட்டிங் கேட்டா? நல்லா அடைஞ்ச ஒரு ஜஸ்டிஃபை பக்கத்தை மாதிரி அழகு அச்சுல வேற இல்ல, அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது. ஆனாலும் ரெண்டு ஸ்டார்தான் குடுப்பேன், ஏன்னா நாப்பது பக்க மலருக்கு மூணு ராத்திரி போச்சு. 60 மிமீக்குக் குறைஞ்ச காலம்னா தமிழ்ல இடது பக்கம் மட்டும் நேரா வச்சுட்டு வலது பக்கத்தை விட்டுருங்க, நிம்மதி.

அப்படித்தான் மலர்ல கடைசிக்கு ஒரு பெட்டிச் செய்தியை, 50 மிமீ அகலம், Ctrl+L போட்டு அனுப்புனேன். காலையில ஆறு மணிக்கு போன். "எல்லாம் அருமை. அந்தப் பெட்டி மட்டும் வலது ஓரம் எலி கடிச்ச மாதிரி இருக்கு, என்னன்னு பாரு."

எழுந்து லேப்டாப்பைத் திறந்து Ctrl+J அழுத்துனேன்.