விடுமுறையில் வீட்டுக்கடன்: மூன்று வங்கிகளின் தாள்களை எப்படி ஒப்பிடுவது

மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்து வீட்டுக்கடனுக்கு அலைபவர்களுக்கு எல்லாக் கிளைகளிலும் முதலில் கிடைப்பது வட்டி விகிதமும் இஎம்ஐயும் எழுதிய ஒரு துண்டுத் தாள்தான். மூன்று வங்கிகளில் வாங்கிய அந்த மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது மலிவு என்று தெரியவே தெரியாது. கட்டணங்கள் அதில் இருக்காது, அல்லது மூலையில் "பொருந்தும்" என்று மட்டும் இருக்கும்.

கேட்க வேண்டிய தாள் வேறு. கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட், சுருக்கமாக கேஎஃப்எஸ். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கான தவணைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் இதைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பிராசசிங் ஃபீ மட்டுமல்ல, வங்கி நம்மிடம் வாங்கி மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கும் இன்சூரன்ஸ் பிரீமியம், வக்கீல் கட்டணம் போன்றவையும் சேர்ந்த மொத்த ஆண்டுச் செலவு விகிதம், அதாவது ஏபிஆர், அதில் ஒரே எண்ணாக இருக்கும். கேஎஃப்எஸ் கையில் வந்த பிறகு குறைந்தது 3 வேலை நாள் யோசிக்க அவகாசம் உண்டு. அதற்குள் ஒப்புக்கொண்டால் அதில் எழுதிய நிபந்தனைகளை வங்கி மாற்ற முடியாது. ஆகவே மூன்று வங்கிகளிலும் ஒரே வாரத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ஒன்று இந்த வாரம், மற்றொன்று அடுத்த வாரம் என்றால் முதல் தாள் காலாவதியாகிவிடலாம்.

ஆனால் ஏபிஆரைப் பார்த்து மட்டும் முடிவெடுத்தால், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களில் பலருக்குத் தப்பாகப் போகும். அந்த எண், கடனை முழுக் காலமும் வைத்திருப்போம் என்ற கணக்கில் போட்டது. வளைகுடாவில் ஒப்பந்தம் முடிந்து கிராஜுவிட்டி வந்ததும் மூன்று நான்கு வருடத்தில் கடனை அடைத்துவிடுவதுதான் பலரின் திட்டம். தொடக்கத்தில் கட்டிய கட்டணம் திரும்பி வராது. பத்து வருடத்துக்குப் பரவ வேண்டிய அந்தச் செலவு மூன்று வருடத்தின் தலையில் ஏறும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கடன் 20 லட்சம், காலம் 10 வருடம். முதல் வங்கி 8.75 சதவீதம் வட்டி, 1 சதவீதம் பிராசசிங் ஃபீ. ஃபீ 20,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,600, ஆக 23,600. இரண்டாவது வங்கி 9 சதவீத வட்டி, ஆனால் ஃபீ வெறும் 5,000, ஜிஎஸ்டியோடு 5,900. இஎம்ஐ முதலாவதில் 25,065, இரண்டாவதில் 25,335.

முதல் வங்கியில் 20 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டாலும், கட்டணம் போக நம் பயனுக்கு வருவது 19,76,400 மட்டுமே. தவணையோ 20 லட்சத்துக்குரியது. உண்மையான வட்டி இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது. எக்செலில் இப்படிக் கேட்கலாம்:

```
=RATE(120,-25065,1976400)*12
```

விடை 9.03 சதவீதம். இரண்டாவது வங்கிக்கு 25335, 1994100 என்று மாற்றினால் 9.07. பத்து வருடமும் கட்டுபவருக்கு முதல் வங்கி மயிரிழையில் மலிவு.

தவணைக்கு முன் கழித்தல் குறி போட மறந்தால் #NUM! என்று வரும். கடைசியில் 12 ஆல் பெருக்க மறந்தால் மாத வட்டிதான் கிடைக்கும். செல் முழு எண்ணாகக் காட்டினால் இரண்டுமே 9% என்று தெரியும், வித்தியாசமே இல்லை என்று நினைத்துவிடுவோம். இரண்டு தசம இடம் காட்டும்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இப்போது 3 வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். 36 தவணை கட்டியதும் முதல் வங்கியில் பாக்கி ஏறக்குறைய 15,70,000. அதையும் கடைசிக் கட்டணமாகச் சேர்க்க வேண்டும்:

```
=RATE(36,-25065,1976400,
 FV(8.75%/12,36,-25065,2000000))*12
```

இந்தக் கணக்கில் முதல் வங்கி 9.25 சதவீதம், இரண்டாவது 9.12. வரிசை தலைகீழாகிவிட்டது! ரூபாயில் பார்த்தால் மூன்று வருட முடிவில் இரண்டாவது வங்கியில் சுமார் 3,500 மிச்சம். காரணம் எளிது. வட்டியில் கால் சதவீதம் குறைவு என்பது இந்தக் கடனில் முதல் வருடம் ஏறக்குறைய 4,800 ரூபாய், அசல் குறையக் குறைய அதற்கும் கீழே. கூடுதலாகக் கொடுத்த 17,700 ஃபீயை அது ஈடுகட்ட நான்கு வருடம் ஆகும். அதற்கு முன் அடைத்தால் குறைந்த வட்டிதான் நஷ்டம். ஆகவே வங்கிக்குப் போகும் முன் நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எத்தனை வருடத்தில் அடைப்போம் என்பதுதான்.

மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்று விதி இருப்பதால் மேலே எதுவும் சேர்க்கவில்லை. நிலையான வட்டி என்றால் அபராதம் இருக்கலாம். இருந்தால் அதைக் கடைசியில் கட்டும் பாக்கியோடு கூட்ட வேண்டும்.

மூன்றாவது வங்கியின் தாள்தான் பார்க்க மிக அழகாக இருக்கும். வட்டி 8.60, ஃபீ ஜிஎஸ்டியோடு 11,800. கூடவே கடன் காப்பீட்டுக்கு 60,000 ரூபாய் ஒரே பிரீமியம், "கையிலிருந்து தர வேண்டாம், கடனோடு சேர்த்துவிடுகிறோம்" என்பார்கள். கடன் 20,60,000 ஆகிறது, இஎம்ஐ 25,651. நமக்கு வருவது 19,88,200. பத்து வருடத்துக்கு 9.43 சதவீதம். மூன்று வருடத்தில் அடைத்தால் 10.1 சதவீதத்தை ஒட்டி வரும். பிரீமியத்துக்கும் சேர்த்து வட்டி கட்டுகிறோம் என்பது கவனத்தில் படாமல் போவது இங்கேதான். தாளில் உள்ள இஎம்ஐ நாம் கேட்ட தொகைக்குரியதை விடக் கூடுதலாக இருந்தால் இப்படி ஏதோ உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

காப்பீடு வீண் செலவு என்று சொல்லவில்லை. குடும்பம் ஊரில் இருக்கும்போது அது தேவையானது. அதன் விலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதே தொகைக்கு, அதே காலத்துக்கு வெளியில் டேர்ம் பாலிசி என்ன விலை என்று கேட்டு ஒப்பிடலாம். கடனை முன்கூட்டி அடைத்தால் மீதிக் காலத்துக்குப் பிரீமியத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். காப்பீட்டை எடுத்துவிட்டுக் கேட்டாலும் அதே 8.60 தருவார்களா என்று கேட்டால், பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடும். தருவார்கள் என்றால் நம் 20 லட்சக் கணக்கில், ஒரு வருடமோ அதற்கு மேலோ கடனை வைத்திருப்பவருக்கு இந்த மூன்றாவது வங்கிதான் மலிவு.

ஃபீ எந்தத் தொகை மீது என்பதும் முக்கியம். பலர் எதற்கும் இருக்கட்டும் என்று 30 லட்சத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு 20 தான் எடுப்பார்கள். அனுமதித்த தொகையின் மீது ஃபீ என்றால் 1 சதவீதம் உண்மையில் 1.5 ஆகிவிடும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டால் கிளையில் போய் நின்று கேட்க முடியாது. அதனால் கேஎஃப்எஸ் பிரதியை மின்னஞ்சலில் வாங்கி வைத்திருக்க வேண்டும். அதில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் கடன் காலத்தில் நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது. தவணை போகும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கில் முதல் இரண்டு மூன்று மாத வரவு செலவை அந்தப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, புதிதாக ஏதாவது பிடித்திருந்தால் உடனே எழுத்தில் கேட்கலாம்.