பொரிக்கு இரண்டு வருடமாக ஒரே குரூமிங் கடை: அந்த நான்கு வரியை இப்போது எப்படிப் படிக்கிறேன்

திங்கட்கிழமை காலை ஆனால் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்துவிடும். குளித்து, உலர்த்தி, முடி வெட்டி, கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு நாய். கீழே நான்கு வரி: குளியல் மட்டும் 900 ரூபாய், முழு குரூமிங் 1,800 ரூபாய், சிக்கு இருந்தால் கூடுதல், இந்த வாரம் காலியாக உள்ள நேரம் செவ்வாய் 11, வியாழன் 3, சனி 5. எங்கள் ஷிட்சூ பொரியை இரண்டு வருடமாக அங்கேதான் கொண்டுபோகிறேன். அந்த நான்கில் விலையைவிட மூன்றாவது வரியும் கடைசி வரியும்தான் முக்கியம் என்று புரியவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

முதல் தடவை போனபோது, அழுக்காகக் கொண்டுபோகக் கூடாதே என்று முந்தின நாள் வீட்டிலேயே குளிப்பாட்டினேன். பெரிய தவறு. சிக்கு விழுந்த முடியில் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் அது இன்னும் இறுகிவிடும். கடையில் இருந்த பெண் ஸ்டீல் சீப்பை எடுத்து, காதுக்குப் பின்னால் தோலை ஒட்டி வைத்து மெதுவாக இழுத்தார். அரை அங்குலம்கூட நகரவில்லை. முன்னங்கால் அக்குளிலும் பட்டை போடும் இடத்திலும் அதே கதை. “மேல பார்த்தா நல்லாத்தான் இருக்கும் சார். அடியில தொட்டுப் பாருங்க, கம்பளி மாதிரி ஆயிடுச்சு. பிரிச்சா இவளுக்கு ரொம்ப வலிக்கும்” என்றார். தொட்டுப் பார்த்தேன், தடித்த துணி போலத்தான் இருந்தது. அன்றைக்கு 600 ரூபாய் கூடுதல், மொத்தம் 2,400. படத்தில் பார்த்த பஞ்சு போன்ற வெட்டு கிடைக்கவில்லை. முழுக்க ஒட்ட வெட்டித்தான் கொடுத்தார்கள். சிக்குக்கு அடியில் தோல் சிவந்திருந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பணத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஷிட்சூவின் முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே இருக்கும். உதிரும் முடியும் கீழே விழாமல் மற்ற முடியில் சிக்கிக்கொள்ளும். அதனால் மேலோட்டமாகச் சீவினால் பளபளப்பாகத் தெரியும், அடியில் முடிச்சு அப்படியே இருக்கும். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து நிமிடம் ஒதுக்குகிறேன். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அடி வரிசையிலிருந்து மேலே மேலே சிறிது சிறிதாகப் பிரஷ் செய்கிறேன். கடைசியில் ஸ்டீல் சீப்பு. தோலிலிருந்து நுனிவரை தடையில்லாமல் வந்தால் சரி. காதுக்குப் பின், அக்குள், தொடை இடுக்கு, பட்டைக்கு அடி என்று இந்த நாலு இடத்தை மட்டும் விடுவதே இல்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை முழு குரூமிங், நடுவில் தேவைப்பட்டால் குளியல். கடந்த ஒரு வருடமாகக் கூடுதல் கட்டணம் ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை.

அடுத்து நேரம். போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை 5 மணிக்கு இடம் கிடைத்தது என்று போனேன். ஒரே கூட்டம், ஆறேகாலுக்குத்தான் மேஜையில் ஏற்றினார்கள், எல்லாம் அவசரம். அன்று இரவு பொரி வயிற்றை நக்கிக்கொண்டே இருந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தால் அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. டிரிம்மர் பிளேடு நிறுத்தாமல் ஓடினால் சூடேறிவிடும். அவ்வப்போது தொட்டுப் பார்த்து வேறு பிளேடு மாற்ற வேண்டும், அன்றைக்கு மாற்றவில்லை. மறுநாள் மருத்துவர் களிம்பு கொடுத்து, நக்காமலிருக்க கழுத்தில் கூம்பு மாட்டச் சொன்னார். நாலு நாளில் சரியாகிவிட்டது. கடையில் போய்ச் சொன்னபோது மறுக்கவில்லை, மருத்துவச் செலவையும் கொடுத்தார்கள். தொடர்ந்து அங்கேயே போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மாலை நேரம் மட்டும் எடுப்பதில்லை.

மே மாதத்தில் பிற்பகல் 3 மணியும் வேண்டாம். ஷிட்சூவுக்கு மூக்கு சப்பை. மூச்சிரைத்துத்தான் அது உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும், சப்பை மூக்கால் அது சரியாக முடியாது. வெயிலில் வண்டியில் வந்து, உடனே டிரையர் காற்றில் நின்றால் திணறும். செவ்வாய் 11 மணிதான் எங்களுக்குப் பழகிவிட்டது. அப்போது கடையில் ஒன்றிரண்டு நாய்தான் இருக்கும்.

திரும்ப வாங்கும்போது முகத்தை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். படத்துக்கு முகம் போதும். நான் அங்கேயே மேஜையில் வைத்து வயிற்றைத் திருப்பிப் பார்ப்பேன், காதுக்குள் ஈரம் இருக்கிறதா என்று பஞ்சால் ஒற்றிப் பார்ப்பேன். ஈரம் தங்கினால் இரண்டு மூன்று நாளில் தலையை உதற ஆரம்பிக்கும், காதில் ஒரு புளித்த வாடை வரும். அப்புறம், நகம் நாலு காலிலும் வெட்டியிருக்கிறார்களா, முன்னங்காலின் உள்பக்கம் மேலே இருக்கும் தனி நகத்தை விட்டுவிட்டார்களா என்றும் பார்ப்பேன்.

இந்தத் திங்களும் படம் வந்தது. “பொரி, செவ்வாய் 11, முழு குரூமிங், சிக்கு இல்லை, வயிற்றுக்கு வரும்போது பிளேடு மாற்றுங்கள்” என்று பதில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் “சரி சார்” என்று வந்துவிட்டது.